அம்மாவுக்கு ஜிப், பிள்ளைக்கு டைனோசர்

மே மாதம் பாதி கடந்ததும் நாளிதழ்களின் முகம் மாறிவிடும். ஏ.சி., ஃப்ரிட்ஜ் விளம்பரங்கள் பின்பக்கத்துக்குப் போக, சீருடை, ஷூ, புத்தகப் பை எல்லாம் முன்னுக்கு வரும். இவற்றில் புத்தகப் பை விளம்பரம் ஒன்றை மட்டும் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். அரைப் பக்கத்தில் முக்கால் பங்கு இடத்தை ஒரு பையன் பிடித்திருப்பான். கால் தரையில் பாவாமல் துள்ளிக்கொண்டிருப்பான். முதுகில் பச்சை டைனோசர் போட்ட பை. பக்கத்தில் கோணல் எழுத்தில் ஒரு குதூகல வாசகம். பக்கத்தின் அடியில் சின்னச் சின்ன வட்டங்களுக்குள் சில குறிகள் இருக்கும்: ஒரு ஜிப், ஒரு மழைத்துளி, ஒரு கேடயம், ‘1 வருட வாரண்டி’ என்றொரு முத்திரை.

மேலே இருப்பது பிள்ளைக்கு. கீழே இருப்பது பெற்றவர்களுக்கு. துள்ளும் பையனையும் டைனோசரையும் பார்க்கும் எட்டு வயதுப் பிள்ளை அந்த வட்டங்கள் பக்கம் கண்ணைத் திருப்புவதேயில்லை. அம்மாவின் கண்ணோ நேராக அங்கேதான் போகும், அதன்பின் விலைக்குப் போகும். சோப்பு, எண்ணெய், மிக்ஸி போன்றவற்றுக்கு இந்தச் சிக்கல் இல்லை. வாங்குபவரே பெரும்பாலும் பயன்படுத்துபவர். புத்தகப் பையைச் சுமப்பது ஒருவர், காசு கொடுப்பது வேறொருவர். ஒருவருக்குப் பிடித்தால் மட்டும் போதாது. மற்றவர் மறுக்காமலும் இருக்க வேண்டும். ஒரே படத்தில், ஒரே இருபது விநாடியில் இரண்டு பேரிடமும் பேசியாக வேண்டும்.

இது எப்படி நடக்கிறது, அந்த இரண்டு பேச்சிலும் எவ்வளவு உண்மை இருக்கிறது, இரண்டுமே சொல்லாமல் விடுவது எது என்பதைத் தெரிந்துகொண்டால் ஜூன் மாதச் செலவில் ஒன்றையாவது தெளிவாகச் செய்யலாம்.

ஒரு விளம்பரத்தை எழுதிப் பார்ப்போம்

நாமே ஒரு விளம்பரம் எழுதுவதாக வைத்துக்கொள்வோம். பை 899 ரூபாய். மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கானது. தொலைக்காட்சியில் இருபது விநாடி.

எழுதுவதற்கு முன் இரண்டு பட்டியல் வேண்டும். முதலாவது, அம்மா அப்பாவின் கவலைகள். போன வருடப் பை ஏன் குப்பைக்குப் போனது என்று எந்த வீட்டில் கேட்டாலும் மூன்று பதில்தான் வரும்: ஜிப் போய்விட்டது, தோள்பட்டை பிய்ந்துவிட்டது, மழையில் நோட்டெல்லாம் நனைந்துவிட்டது. இரண்டாவது, பிள்ளையின் ஆசைகள். பிடித்த கார்ட்டூன், பளிச்சென்ற நிறம், யாருக்கும் தெரியாத ரகசியப் பாக்கெட், கூடவே இலவசமாக ஒரு பென்சில் பாக்ஸ். இரண்டு பட்டியலிலும் பொதுவாக ஒரு வரிகூடக் கிடையாது.

அனுபவமில்லாதவர் எழுதினால் முதல் பத்து விநாடியைப் பிள்ளைக்கும் அடுத்த பத்து விநாடியைப் பெற்றவர்களுக்கும் கொடுத்துவிடுவார். ஆட்டம் பாட்டம் முடிந்ததும் ஒரு கனத்த குரல் ஜிப்பின் பெருமையைப் படிக்கும். அதற்குள் பிள்ளை எழுந்து போய்விடும். அம்மாவோ முதல் பாதியைக் கவனித்திருக்கவே மாட்டார். கைதேர்ந்தவர் இப்படி எழுதுவார்:

பள்ளி மணி அடிக்கிறது. அண்ணனும் தங்கையும் ஒரே பையைப் பிடித்து இழுக்கிறார்கள். ஆளுக்கொரு தோள்பட்டை. “எனக்கு!” “போடா, எனக்குத்தான்!” இழுத்த வேகத்தில் பை கைநழுவி மாடிப்படியில் உருண்டு வாசலில் தேங்கிய மழைத் தண்ணீரில் விழுகிறது. பிள்ளைகள் இருவரும் திகைத்து நிற்கிறார்கள். அம்மா வருகிறார். பையைத் தூக்கி ஒரு உதறு உதறுகிறார், ஜிப்பைச் சர்ரென்று இழுக்கிறார், உள்ளே கையை விட்டு நோட்டைத் தொட்டுப் பார்க்கிறார். நோட்டு நனையவில்லை. “இன்னொண்ணு வாங்கிட வேண்டியதுதான், இல்லேன்னா வீடு தாங்காது!” என்று சிரிக்கிறார். பை, விலை, வாரண்டி முத்திரை, இலவசப் பென்சில் பாக்ஸ். முடிந்தது.

இழுபறிக் காட்சியைக் கவனியுங்கள். பிள்ளைக்கு அது விளையாட்டு. தன் வீட்டில் தினமும் நடக்கும் சண்டை. அம்மாவுக்கு அதே காட்சி ஒரு சோதனை: இரண்டு பிள்ளைகள் இழுத்தும் பட்டை பிய்யவில்லை. மாடிப்படியில் உருளுவது ஒருவருக்குச் சிரிப்பு, இன்னொருவருக்கு உறுதிக்குச் சான்று. உறுதி என்ற சொல் எங்கும் வரவில்லை. ஆனால் காட்சி முடியும்போது இருவர் மனத்திலும் வெவ்வேறு காரணம் உட்கார்ந்துவிட்டது. பிள்ளையின் கையில் கேட்பதற்கு ஆசை இருக்கிறது, அம்மாவின் கையில் சரி என்று சொல்ல நியாயம் இருக்கிறது. கடையில் இந்த இரண்டும் சந்தித்தால் விற்பனை.

ஜப்பானில் ஒரு சிறகு

இந்த உத்தியை மிக அழகாகச் செய்து காட்டியவர்கள் ஜப்பானியர்கள். அங்கே தொடக்கப் பள்ளிப் பிள்ளைகள் முதுகில் போடும் கெட்டியான பெட்டி வடிவப் பைக்கு ராண்டோசெரு என்று பெயர். முதல் வகுப்பில் வாங்கினால் ஆறாம் வகுப்பு முடியும்வரை அதே பைதான். தோலிலோ செயற்கைத் தோலிலோ செய்கிறார்கள். காலியாகவே ஒரு கிலோவுக்கு மேல் இருக்கும். விலை சராசரியாக 60,000 யென்னை ஒட்டி வருகிறது. நம் காசில் 30,000 ரூபாயைத் தாண்டும். அதனால் பல வீடுகளில் தாத்தா பாட்டிதான் வாங்கித் தருகிறார்கள். ஏப்ரலில் பள்ளி தொடங்கும் பிள்ளைக்கு ஒரு வருடம் முன்பிருந்தே பை தேடுவார்கள்.

செய்பான் என்ற நிறுவனம் 2003இல் ‘தென்ஷி நோ ஹானே’ என்ற பையைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. தேவதையின் சிறகு என்று பொருள். பையின் உள்ளே, தோள்பட்டைகள் முதுகோடு சேரும் இடத்தில், சிறகு வடிவத்தில் ஒரு பிசின் தகடு வைத்துத் தைத்திருந்தார்கள். அந்தத் தகடு பட்டையின் அடியை நிமிர்த்திப் பிடிக்கும். பட்டை நிமிர்ந்தால் பை கீழே தொங்காமல் முதுகை ஒட்டி நிற்கும், பின்னோக்கி இழுக்காது. எடை குறையவில்லை, எடை உட்காரும் இடம்தான் மாறியது. ஆனாலும் சுமக்கும் பிள்ளைக்கு இலேசாகத் தோன்றும்.

பொறியாளர் இதைச் சொன்னால் யாருக்கும் நினைவில் நிற்காது. சிறகு என்ற ஒரே படம் இரண்டு பேச்சையும் முடித்துவிட்டது. ஐந்து வயதுப் பிள்ளை அதில் பறப்பதைப் பார்க்கிறது. பாட்டி அதில் பேத்தியின் முதுகு வலிக்காமல் இருப்பதைப் பார்க்கிறார். நம் இழுபறிக் காட்சியிலாவது உறுதியைக் காட்டும் படத்தை நாம் கற்பனையில் செய்துகொண்டோம். இங்கே படம் பைக்குள் உண்மையாகவே தைத்திருக்கும் ஒரு பாகத்திலிருந்து வந்தது.

இன்னொரு வேறுபாடும் உண்டு. ராண்டோசெருவுக்கு ஆறு வருட உத்தரவாதம் வழக்கமாகிவிட்டது. பழுதானால் தயாரிப்பாளரே சரிசெய்து தருவார். பள்ளி வாழ்வும் உத்தரவாதமும் ஒரே நாளில் முடிகின்றன. இதனால் அங்கே பிள்ளையின் ஆசைக்கு ஒரு கடிவாளம் விழுகிறது. ஒரு காலத்தில் பையனுக்குக் கறுப்பு, பெண்ணுக்குச் சிவப்பு என்று இரண்டே நிறம். இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் ஏயோன் நிறுவனம் 24 நிறங்களில் பை விற்கத் தொடங்கியபின் தெரிவு பெருகியது. ஐந்து வயதில் இளஞ்சிவப்பில் பூவேலை கேட்கும் பிள்ளை பதினொரு வயதிலும் அதையே சுமக்குமா என்று பெற்றவர்கள் யோசிக்கிறார்கள். விளம்பரமும் அதற்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. குதூகலமும் ஆறு வருடம் உழைத்தாக வேண்டும்.

டைனோசரின் ஆயுள் எவ்வளவு?

நம் ஊரில் இந்தக் கணக்கு வேறு மாதிரி. மூன்றாம் வகுப்பில் டைனோசர் கேட்டவன் ஐந்தாம் வகுப்பில் அதைச் சுமக்க வெட்கப்படுவான். கார்ட்டூன் மோகம் அதைவிடச் சீக்கிரம் தணியும். அடுத்த விடுமுறையில் புதுப் படம் வரும், புது நாயகன் வருவான், பழைய பை வீட்டிலேயே கிடக்கும். தடித்த அச்சுப் படமாக இருந்தால் ஓரம் உரிந்து, டைனோசருக்கு வால் போயிருக்கும். துணி கிழிந்திருக்காது, படம்தான் செத்திருக்கும்.

ஆக, விளம்பரம் ஒரே பையில் இரண்டு வாக்குறுதி தருகிறது. அம்மாவிடம் ‘பல வருடம் உழைக்கும்’ என்கிறது. பிள்ளையிடம் ‘இந்த வருடம் இதுதான்’ என்கிறது. இரண்டும் ஒன்றாக நிறைவேற முடியாது. பை உண்மையிலேயே மூன்று வருடம் உழைத்தால், இரண்டாம் வருடமே பிள்ளை வேறு பை கேட்கும். பிள்ளை கேட்கும் நேரத்தில் பை பிய்ந்துபோனால் வீட்டில் சண்டையே இல்லை. படம் ஒரு வருடத்தில் பழசாகும் பையை மூன்று வருடத்துக்குத் தைக்க வேண்டிய கட்டாயம் தயாரிப்பாளருக்கு இல்லை. வாரண்டி முத்திரையில் பெரும்பாலும் ஒரு வருடமே இருப்பதை இந்தக் கணக்கோடு சேர்த்துப் படிக்கலாம்.

இலவசப் பென்சில் பாக்ஸின் வேலையும் இங்கேதான். அது பிள்ளைக்கான பேச்சின் கடைசி வரி. இரண்டு பை ஒரே மாதிரி இருக்கும்போது பிள்ளையின் கை எங்கே போகும் என்பதை அதுதான் முடிவு செய்யும். தையலைப் பற்றி அது எதுவும் சொல்லாது.

சிறிய வட்டங்களுக்குள் என்ன இருக்கிறது?

இனி பெற்றவர்களுக்கான பேச்சுக்கு வருவோம். வட்டங்களில் எழுதியிருப்பது பொய் என்று சொல்வதற்கில்லை. கேள்வியே வேறு: பை எங்கே பிய்கிறதோ, அந்த இடத்தைப் பற்றி அது பேசுகிறதா?

முதலில் டெனியர். ‘600டி’, ‘1680டி’ என்றெல்லாம் போட்டிருக்கும் எண் இதுதான். 9,000 மீட்டர் நீள நூல் எத்தனை கிராம் இருக்கிறதோ அதுவே டெனியர். 600 டெனியர் என்றால் 9,000 மீட்டர் நூலின் எடை 600 கிராம். எண் கூடினால் நூல் தடிமன். எவ்வளவு நெருக்கமாக நெய்தார்கள், உள்பக்கம் பூசிய பூச்சு எப்படிப்பட்டது என்பதை அது சொல்லாது. இதைவிட முக்கியமான செய்தி, பாலியஸ்டர் பை துணியின் நடுவில் கிழிவது அரிது. பழைய பையை எடுத்துப் பாருங்கள். தோள்பட்டையின் மேல்முனை, தூக்கும் கைப்பிடியின் இரண்டு அடி, அடிப்பக்க மூலைகள், ஜிப் வளையும் திருப்பம் ஆகிய இடங்களில்தான் போயிருக்கும். எல்லாமே தையல் போட்ட இடங்கள். நூல் எவ்வளவு தடிமனாக இருந்தாலும் தையல் விட்டுப்போனால் பை விட்டுப்போகும். பெரிய டெனியர் எண் என்பது பலவீனமில்லாத இடத்தின் பலத்தைச் சொல்வது.

கடையில் செய்ய வேண்டியது எளிது. பையின் எல்லா ஜிப்பையும் திறந்து, உள்பக்கத்தை வெளியே புரட்டுங்கள். தோள்பட்டை மேலே சேரும் இடத்தைப் பாருங்கள். ஒற்றைத் தையல் ஒரே கோடாக ஓடினால் அது நிற்காது. சதுரமாகத் தைத்து நடுவில் பெருக்கல் குறிபோலக் குறுக்கே தைத்திருந்தால் இழுப்பு நான்கு பக்கமும் பிரியும். பட்டையின் ஓரத்தில் நெருக்கமாக, முன்னும் பின்னும் போட்ட சிறிய தடித்த தையல் இருந்தால் இன்னும் நல்லது. தையல்காரர்கள் அதை பார்டேக் என்பார்கள். அடுத்து உள்ஓரம். துணியின் வெட்டு முனை தையலிலிருந்து ஒரு சென்டிமீட்டராவது விலகி இருக்க வேண்டும். அந்த முனையை நாடா வைத்து மூடித் தைத்திருக்க வேண்டும். மூடாமல் பிசிறு தெரிந்தால், நாலைந்து மாதத்தில் நூல் ஒவ்வொன்றாக அவிழ்ந்து தையலைத் தொட்டுவிடும். இதையெல்லாம் எந்த விளம்பரமும் காட்டுவதில்லை. உள்பக்கம் படத்துக்கு அழகாக இருக்காது.

அடுத்தது ஜிப். பைகளில் வருவது பெரும்பாலும் சுருள் நைலான் ஜிப். 5, 8, 10 என்று எண் இருக்கும். மூடிய பல்வரிசையின் அகலம் ஏறக்குறைய அத்தனை மில்லிமீட்டர் என்று கொள்ளலாம். பிரதான அறைக்கு 8 அல்லது 10 நல்லது. 5 முன்பாக்கெட்டுக்குப் போதும். ஜிப் ‘போய்விட்டது’ என்று நாம் சொல்லும்போது பல நேரம் பல் போயிருக்காது; இழுக்கும் ரன்னரின் வாய் அகன்றிருக்கும். ரன்னர் நகரும், பின்னால் பல் கோக்காமல் வாய்பிளக்கும். இதுதான் அடையாளம். செருப்பு தைப்பவரிடமோ பை பழுதுபார்ப்பவரிடமோ கொடுத்தால் குறடால் மெல்ல அழுத்தித் தருவார், இல்லையென்றால் ரன்னரை மட்டும் மாற்றுவார். பை முழுக்கத் திணித்துவிட்டு, இரண்டு பக்கத்தையும் சேர்த்துப் பிடிக்காமல் ரன்னரை மட்டும் பிடித்து இழுப்பதுதான் வாய் அகலக் காரணம். 10ஆம் எண் ஜிப்பும் இதற்குத் தப்பாது.

மூன்றாவது மழைத்துளி. விளம்பரத்தில் ஒரு டம்ளர் தண்ணீரை முன்பக்கத் துணியில் ஊற்றுவார்கள். துளித்துளியாக உருண்டோடும். பூச்சுள்ள எந்தத் துணியிலும் புதிதில் அது ஓடும். தண்ணீர் உள்ளே போகும் வழிகள் வேறு: ஜிப்பின் பல்லிடுக்கும் ஊசி குத்திய துளைகளும். அங்கே ஊற்றிக் காட்டுவதில்லை. ‘வாட்டர் ரெசிஸ்டன்ட்’ என்றால் தூறலைத் தாங்கும் என்று பொருள். ‘வாட்டர்ப்ரூஃப்’ என்பது உள்ளே தண்ணீரே போகாது என்ற வாக்கு. சாதாரண ஜிப்பும் தையலும் உள்ள பைக்கு அந்தச் சொல் பொருந்தாது. ஐப்பசி மழையில் பதினைந்து நிமிடம் நடக்கிற பிள்ளைக்கு வேண்டியது பையின் மேல் போர்த்தும் மழையுறைதான். அது பையோடு வருகிறதா என்று கேளுங்கள்.

கடைசியாக வாரண்டி. பெரும்பாலான அட்டைகளில் ‘உற்பத்திக் குறைபாடுகளுக்கு மட்டும்’ என்றிருக்கும். தேய்மானம், அதிக எடை, தவறான பயன்பாடு சேராது. எட்டு வயதுப் பிள்ளையிடம் ஒரு பை படும் பாடு எல்லாமே அந்த மூன்றில் அடங்கிவிடும். அட்டையைக் கடையிலேயே படித்து, ஜிப்பும் பட்டைத் தையலும் சேருமா என்று கேட்டு, பில்லோடு சேர்த்துப் பத்திரப்படுத்தினால்தான் அந்த முத்திரைக்கு மதிப்பு.

பிள்ளையிடம் எவ்வளவு பேசலாம்?

மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு வயது எட்டு. அமெரிக்க உளவியல் சங்கம் அமைத்த குழு 2004இல் தந்த அறிக்கை இந்த வயதைத்தான் ஒரு எல்லையாகச் சொன்னது. எட்டு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைக்கு விளம்பரத்தின் நோக்கம் தன்னை வாங்க வைப்பது என்று புரியாது. சொன்னதைச் சொன்னபடி நம்பும் என்பது அதன் முடிவு. கனடாவின் கியூபெக் மாநிலம் 1980 முதலே 13 வயதுக்குக் கீழே உள்ளவர்களை நோக்கி விளம்பரம் செய்வதைத் தடுத்திருக்கிறது. அங்கே பை விற்பவர் பெற்றவர்களிடம் மட்டும்தான் பேச முடியும்.

இந்தியாவில் அந்த அளவுக்குத் தடையில்லை. கோடு மட்டும் போட்டிருக்கிறார்கள். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் அமைந்த மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூனில் தவறாக வழிநடத்தும் விளம்பரங்களைத் தடுக்கும் நெறிமுறைகளை வெளியிட்டது. பிள்ளைகளுக்கான விளம்பரம் பற்றி அதில் தனிப் பகுதி உண்டு. பிள்ளையை நேராக வாங்கச் சொல்லக் கூடாது. அம்மா அப்பாவை நச்சரித்து வாங்கச் சொல்லவும் கூடாது. அந்தப் பொருள் இல்லாவிட்டால் மற்றவர்கள் கேலி செய்வார்கள், நீ தாழ்ந்தவன் என்ற எண்ணத்தை ஊட்டக் கூடாது. பிள்ளையின் அனுபவமின்மையைப் பயன்படுத்தி இல்லாத திறனை இருப்பதாகக் காட்டக் கூடாது.

நாம் எழுதிய விளம்பரத்தை இந்தக் கோட்டோடு வைத்துப் பார்க்கலாம். அண்ணனும் தங்கையும் இழுப்பது பிரச்சினையில்லை. கடைசியில் “அம்மாகிட்ட இன்னைக்கே கேளு!” என்று ஒரு வரி சேர்த்தால் கோட்டைத் தாண்டிவிட்டோம். பழைய பையோடு வகுப்புக்குள் வரும் பிள்ளையைப் பார்த்து மற்றவர்கள் சிரிப்பதாக ஒரு காட்சி வைத்தாலும் அப்படியே. தண்ணீரில் விழுந்தும் நோட்டு நனையாததும் ஆபத்தான இடம்தான். பை உண்மையில் அதைத் தாங்காவிட்டால் அது பெற்றவர்களை ஏமாற்றும் விளம்பரம். அதனால்தான் நடைமுறையில் ஒரு நட்சத்திரக் குறி முளைக்கிறது: ‘காட்சி கற்பனையானது’. அதற்கும் விதி இருக்கிறது. வாசகம் எந்த மொழியிலோ அதே மொழியில், அதே எழுத்துருவில் அந்தக் குறிப்பும் இருக்க வேண்டும். பெரிய தமிழ் எழுத்தில் வாக்குறுதி தந்துவிட்டு, கீழே பொடி ஆங்கிலத்தில் நிபந்தனை போடுவது விதிமீறல். மே மாத நாளிதழைக் கையில் வைத்துக்கொண்டு இதைச் சரிபார்க்கலாம். தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு ஆணையம் முதல் முறை 10 லட்சம் ரூபாய் வரை, மறுபடி செய்தால் 50 லட்சம் வரை அபராதம் விதிக்கலாம். புகார் சொல்ல தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

இருவரிடமும் சொல்லாதது

ஆட்டம் பிள்ளைக்கு, உறுதி அம்மாவுக்கு என்று பங்கு போட்டபின் ஒரு விஷயம் இரண்டு பங்கிலும் விழாமல் போகிறது: பையின் சொந்த எடை.

புத்தகப் பையின் பாரம் நமக்குப் புதிய பேச்சல்ல. எழுத்தாளர் ஆர்.கே. நாராயண் மாநிலங்களவையின் நியமன உறுப்பினராக இருந்தபோது, 1989இல் ஆற்றிய உரையில் பிள்ளைகளின் பைச்சுமையைத்தான் பேசினார். பிறகு பேராசிரியர் யஷ்பால் தலைமையில் அமைந்த குழு 1993இல் அறிக்கை தந்தது. மத்திய அரசின் 2020ஆம் ஆண்டுப் பைக் கொள்கை, பாரம் பிள்ளையின் உடல் எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் போகக் கூடாது என்கிறது. மூன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை 1.7 கிலோவிலிருந்து 2.5 கிலோ வரை என்று கணக்கும் தருகிறது.

நம் 899 ரூபாய்ப் பையைத் தராசில் வைப்போம். மூன்று அறை, தடித்த துணி, 10ஆம் எண் ஜிப், ஃபோம் வைத்த முதுகு, டைனோசருக்காக உப்பலாகத் தைத்த முன்பக்கம் எல்லாம் சேர்ந்து காலிப் பை 700 கிராம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 25 கிலோ எடையுள்ள பிள்ளைக்கு எல்லை 2.5 கிலோ. பையைக் கழித்தால் மீதி 1.8 கிலோ. அரை லிட்டர் தண்ணீர் அரைக் கிலோ. சாப்பாட்டு டப்பா அரைக் கிலோ. புத்தகம், நோட்டு, பென்சில் பாக்ஸ் எல்லாவற்றுக்கும் 800 கிராம் மிஞ்சும். ஒரு பாடப்புத்தகமும் இரண்டு நோட்டும் வைத்தாலே அது கரைந்துவிடும். பையே 400 கிராமாக இருந்தால் இன்னும் 300 கிராமுக்கு இடம் கிடைக்கும்.

இங்கேதான் உறுதிப் பேச்சின் மறுபக்கம் தெரிகிறது. டெனியர் ஏறினால் எடை ஏறும். அறை கூடினால் எடை கூடும், கூடவே இடமிருக்கிறதே என்று எல்லாவற்றையும் திணிக்கும் பழக்கமும் கூடும். அம்மாவிடம் பெருமையாகச் சொன்ன ஒவ்வொரு அம்சத்துக்கும் பிள்ளையின் தோள் கொஞ்சம் விலை கொடுக்கிறது. ஜப்பானியப் பை நம் பையைவிடக் கனமானது என்பது உண்மை. ஆனால் அங்கே சுமப்பது எப்படி இருக்கும் என்பதுதான் விளம்பரத்தின் பேச்சே. நம் விளம்பரங்களில் லிட்டர் கணக்கில் கொள்ளளவு இருக்கும், கிராம் கணக்கில் எடை இருப்பது அபூர்வம்.

கடையில் வரிசையை மாற்றுங்கள்

விளம்பரம் முதலில் பிள்ளையைப் பிடிக்கிறது, பிறகு பெற்றவர்களுக்கு நியாயம் தருகிறது. கடையிலும் அதே வரிசையில் போனால், பிள்ளை ஏற்கெனவே கட்டிப்பிடித்துக்கொண்டிருக்கும் பையில் அம்மா தையல் பார்க்க வேண்டியிருக்கும். அழுகைக்கு நடுவே யாரும் உள்ஓரத்தைப் பார்ப்பதில்லை.

அதனால் வரிசையைத் திருப்பிப் போடுவது நல்லது. பெரியவர்கள் யாராவது ஒருவர் முன்னதாகவே போய் பைகளைப் புரட்டிப் பார்த்து, தையல் சரியாக உள்ள, காலியாக அரைக் கிலோவைத் தாண்டாத நான்கைந்தை எடுத்து வைக்கச் சொல்லலாம். எடை பார்க்க கைபேசி அளவுள்ள தொங்கு தராசு போதும். கடைக்காரரிடமே பெரும்பாலும் ஏதாவதொரு தராசு இருக்கும். பிறகு பிள்ளையை அழைத்துப்போய் அந்த நான்கைந்தின் முன் நிறுத்தி, “இதுல எது வேணுமோ நீயே எடுத்துக்கோ கண்ணு” என்று விட்டுவிடலாம். நிறத்திலும் படத்திலும் பிள்ளை சொல்வதே முடிவு, அதில் தலையிட வேண்டாம். நீண்ட நாள் உழைக்க வேண்டுமென்றால் ஒரே ஒரு யோசனை: படம் பையில் அச்சாகாமல், கழற்றி மாட்டும் சாவிக்கொத்தாகவோ ஒட்டித் தைக்கும் துணிப்படமாகவோ இருக்கட்டும். அடுத்த வருடம் டைனோசரை மாற்றினால் போதும், பையை மாற்ற வேண்டாம்.